தலைக்கணக்கும் வயசும் இடமும் காசும் தெரியாத பிறந்தநாள்: தோட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனை பேர் வருவாங்க, எங்க வைக்கிறது, எவ்வளவு செலவாகும், ஒன்னுமே தெரியல. முதல்ல எதை முடிவு பண்ணணும்?

நேரத்தை. மற்ற நாலும் தெரியாவிட்டாலும் நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

பகல் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் சோறு எதிர்பார்ப்பார்கள். அது நியாயம்தான். மாலை 6 மணிக்குக் கூப்பிட்டால் இராச்சாப்பாடு போட வேண்டும். அப்புறம் பனி இறங்கிவிடும், பஸ்ஸும் இருக்காது, தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இரவு தங்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் காலைச் சாப்பாடும் உங்கள் கணக்கில் சேரும். பிற்பகல் 3 மணிக்கு வைத்து 5 மணிக்கு முடித்தால் யாரும் சோற்றை எதிர்பார்க்க மாட்டார்கள். வடை, கடலை, கேக், தேத்தண்ணி போதும். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்.

கிழமை ஞாயிறாகவே இருக்கட்டும். சனிக்கிழமை பல தோட்டங்களில் வேலை இருக்கும். ஞாயிறு காலையில் பாதிப் பேர் டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள், மூன்று மணிக்குள் திரும்பிவிடுவார்கள்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் கடந்த வருஷம் அக்கா மகனின் 5ஆவது பிறந்தநாளுக்கு நாங்கள் போட்டவை. ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டம், இரண்டு வாரம்தான் இருந்தது, அத்தான் கொழும்பில் வேலை. 'ஞாயிறு 3 மணி' என்பதைத் தவிர அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது.

கையில எவ்வளவு காசு வரும்னே சொல்ல முடியல. தம்பி வெளிநாட்டுல இருந்து அனுப்புறேன்னு சொல்றான். அதை நம்பித் திட்டம் போடலாமா?

வேண்டாம். வராத காசை எழுதாதீர்கள். தம்பி மேல் சந்தேகம் என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே சம்பளம் பிந்தினால் உங்கள் கேக் பிந்தும், அவ்வளவுதான். பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்த பிறகு உண்மையில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் உச்சம். வருகிறவர்கள் வைக்கும் அன்பளிப்பையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை நம்பிக் கடனுக்குச் சாமான் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்காகத் தோட்டை அடகுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அக்காவிடம் நான் கெஞ்சியே சொன்னேன்.

எங்கள் கையில் 28,000 ரூபாய் இருந்தது. அதில் 3,000 ரூபாயை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, ஞாயிறு காலை வரை திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். மீதி 25,000. கேக்குக்கு 9,000, தின்பண்டத்துக்கும் தேத்தண்ணிக்கும் 8,000, கதிரைக்கும் படங்குக்கும் வாடகை 3,000, பிள்ளைகளின் பார்சலுக்கு 3,000, பலூன் சோடனைக்கு 1,000, ஓட்டோவுக்கு 1,000. உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும். கடையில் கேட்டு எழுதுங்கள். இந்தப் பங்கீடு மட்டும் பெரிதாக மாறாது: கேக்கும் தின்பண்டமும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். அதனால் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் அங்கேதான் குறைக்க முடியும். சோடனையில் 500 ரூபாய் பிடித்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

மாமா 15,000 அனுப்புவதாகச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் 10,000 வந்தது. அதில் கொஞ்சத்தை மரக்கறி ரோல்ஸுக்குக் கொடுத்தோம், மீதியை மகன் பேரில் வைத்தோம். அது வராமல் போயிருந்தாலும் அன்றைக்கு எதுவும் நின்றிருக்காது.

எத்தனை பேர் வருவீங்கன்னு ஆட்கள்கிட்ட எப்படிக் கேட்கிறது? கேட்டா கோவிச்சுக்குவாங்களே.

அப்படிக் கேட்கவே கூடாது. 'எத்தனை பேர்' என்றால் 'குறைச்சலா வாங்க' என்றுதான் காதில் விழும். வருவதை உறுதிப்படுத்தச் சொல்லி அட்டையில் எழுதினாலும் எங்கள் பக்கம் யாரும் பதில் சொல்வதில்லை. வருவோம், பார்ப்போம், இவ்வளவுதான்.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அக்கா பீலியடியில் நின்று ஒவ்வொரு வீட்டிடமும் சொன்னது இதுதான்: "பிள்ளைகளுக்குச் சின்னப் பார்சல் போடுறோம் அண்ணி, உங்க வீட்டுல எத்தனை பேர், என்ன வயசுன்னு மட்டும் சொல்லுங்க." வெளியூரில் இருப்பவர்களுக்கு அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவர் விடாமல் பதில் சொன்னார்கள். பார்சலில் ஒரு பென்சில், பிஸ்கட், ஒரு டொபி, இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வயசும் சேர்ந்தே கிடைத்துவிட்டன. பிள்ளைக் கணக்கு தெரிந்தால் பெரியவர்களை ஊகிக்கலாம். ஒரு வீட்டிலிருந்து ஒருவராவது வருவார், இரண்டு பேருக்கு மேல் வருவது அபூர்வம். ஞாயிறு மூன்று மணிக்கு மற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.

ஒரே எண்ணைத் தேடாமல் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதுங்கள். எங்களுக்கு இப்படி வந்தது. சொந்தம் 12 பேர், அதில் 2 பிள்ளைகள், இது மாறாது. லயத்தில் மற்றப் 10 வீடுகளில் 14 பிள்ளைகள். கேக் என்றால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், அத்தனை பேரும் வருவார்கள். அவர்களோடு வரும் பெரியவர்கள் 10 முதல் 20. பாலர் பாடசாலைக் கூட்டாளிகள் 8 பேருக்குச் சொன்னோம், பாதியாவது வரும், ஆளுக்கு ஒரு அம்மாவோடு. ஆக 8 முதல் 16. கூட்டிப் பார்த்தால் குறைந்தது 44, கூடியது 62. அன்றைக்கு வந்தது 55 பேர்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லயத்தில் சொன்னால் எல்லாக் காம்பராவுக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொந்தத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதி வீட்டுக்குச் சொல்லிப் பாதியை விட்டால் தலைக்கணக்கு குறையும். ஆனால் அடுத்த நாள் பீலியடியில் முகம் பார்க்க முடியாது. காசு போதாதென்றால் எல்லாருக்கும் சொல்லி, தின்பண்டத்தில் ஒரு வகையைக் குறையுங்கள்.

வீட்டுல வைக்கலாமா, ஹோல் எடுக்கலாமான்னு இன்னும் தெரியல. அதுக்குள்ள சாப்பாட்டுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், எல்லாவற்றையும் சைவமாக வைத்துக்கொண்டால். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் கிடைக்கிற பெரிய இடம் பெரும்பாலும் கோயில் மண்டபம்தான். அங்கே கோழி ரோல்ஸும் மீன் பட்டிஸும் கொண்டுபோக முடியாது. முட்டை போட்ட கேக்கையே வேண்டாம் என்று சொல்லும் கோயில்களும் உண்டு. இறைச்சிக்குச் சொல்லிவிட்டு மண்டபம் கிடைத்தால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். கடலை, பருப்பு வடை, மரக்கறி ரோல்ஸ் எந்த இடத்துக்கும் போகும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் யோசிக்காமல் சாப்பிடுவார்கள், வெள்ளிக்கிழமை வந்தாலும் போயா வந்தாலும் பிரச்சினை இல்லை. போயாவில் இறைச்சிக் கடையும் திறக்காது. கேக்கில் முட்டை வேண்டுமா என்பதை மட்டும் இடம் உறுதியான பிறகு பேக்கரிக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான பேக்கரிகளுக்கு மூன்று நாள் அவகாசம் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை நாங்கள் கேட்டது மூன்று. கோயில் மண்டபத்தில் அன்று வேறு விசேஷம். சனசமூக நிலையத்தில் கரண்ட் இல்லை. பிள்ளைக்காம்பரா ஞாயிறு மூடியிருக்கும், தொரையிடம் அனுமதி கேட்டால் சில தோட்டங்களில் கொடுப்பார்கள். எங்களுக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. அதனால் வீட்டு இஸ்தோப்பும் முன்வாசலும்தான். புதன்கிழமைக்குள் பதில் வராத இடத்தை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் சாவிக்காக அலைந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கேக் ஓட்டோவுக்குள்ளேயே ஒரு மணி நேரம் காத்துக்கிடந்தது.

வாசல்ல வைக்கிறோம். மழை வந்தா?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை, நாள் முழுக்க ஊற்றும். மலையின் அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் அந்த மாதங்களில் காய்ந்து காற்றடிக்கும், அவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கனமழை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: காலையில் வெயில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோடு மழை. உங்கள் மூன்று மணிக்கும் அதுதான் நேரம். அந்த இரண்டு மாதங்களில் மட்டும் காலை 10 மணிக்கு வைத்து 12 மணிக்கு முடியுங்கள், சோற்றுக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாம்.

படங்கு கட்டும்போது ஒரு பக்கம் உயரமாக இருக்கட்டும். தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கி, யாரோ ஒருவர் கீழிருந்து தடியால் தள்ளுவார், அது நேரே கேக் மேல் கொட்டும். தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சங்கீதக் கதிரை அன்றைக்கு நடக்காது. நாங்கள் பாட்டை விட்டுவிட்டு ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினோம், துண்டு இறங்கியதும் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அது பாட்டைவிடப் பிடித்திருந்தது.

கேக்கும் சாப்பாடும் எவ்வளவு சொல்றது? 44-க்கா, 62-க்கா?

கூட்டவும் குறைக்கவும் முடியாததை ஒரு பக்கமும், கடைசி நேரத்தில் கூட்டக்கூடியதை மறுபக்கமும் எழுதுங்கள். கேக்கைக் கடைசி நேரத்தில் கூட்ட முடியாது, அதனால் அதைக் கூடிய எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வடையைக் கூட்டலாம், அதனால் குறைந்த எண்ணுக்குச் சுட்டு, மேலதிகத்துக்கு மாவை மட்டும் வைத்திருக்கலாம்.

கேக்கில் ஒரு துண்டு 50 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 20 துண்டு வரும். 62 பேருக்குச் சுமார் 3 கிலோ தேவை. மூன்று கிலோவிலும் ஐசிங் போட்டால் 9,000-க்குள் அடங்காது. ஆகவே வெட்டுவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒரு கிலோ ஐசிங் கேக், குசினியில் துண்டு போட்டு வைக்க 2 கிலோ வெறும் பட்டர் கேக். மேசையில் ஐசிங் கேக் இருக்கும்போது பட்டர் கேக் துண்டுகளைத் தட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. தோட்டத்து ரோட்டில் இரண்டு தட்டுக் கேக் உயிரோடு வந்து சேராது, அதனால் பேக்கரி எவ்வளவு சொன்னாலும் ஒற்றைத் தட்டே எடுங்கள். ஓட்டோவில் சீட்டில் வைக்காமல் கீழே, கால்மாட்டில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் பெட்டியை வையுங்கள், வழுக்காது.

பருப்பு வடைக்கு ஒரு கிலோ கடலைப் பருப்பில் சுமார் 50 வடை வரும். ஆளுக்கு இரண்டு என்று 2 கிலோவுக்குப் போட்டோம். மேலும் அரைக் கிலோவை ஊறவைத்து அரைத்து, வெங்காயம் உப்பு சேர்க்காமல் வைத்தோம். வெங்காயம் சேர்த்தால்தான் தண்ணி விடும், சேர்க்காத மாவு எங்கள் குளிரில் அடுத்த நாள் காலை வரை கெடாது. ஆள் கூடினால் பத்து நிமிஷத்தில் எண்ணெயில் போடலாம், கூடாவிட்டால் திங்கட்கிழமை காலைச் சாப்பாடு. அன்றைக்கு அதில் பாதியைச் சுட்டோம்.

கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ, வெந்த பிறகு சின்னக் கோப்பைக்கு 60 கிராம் வீதம் 55 பேருக்கு மேல் போதும். கடலையில் ஒரு விஷயம் எல்லாரும் தவறவிடுவது: உயரம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் அதைவிடக் கொஞ்சம் கூட. கொழும்பில் இருந்து வந்த சின்னம்மா 'ஒரு மணி நேரத்துல வெந்துரும்' என்பார், இங்கே அது ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். முதல் நாள் இரவே ஊறவையுங்கள். குளிர் தண்ணீரில் ஊறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. கடலையை இரண்டு விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியக் கூடாது, அதுதான் பதம்.

தேத்தண்ணிக்கு 10 லீற்றர்ப் பானை ஒன்று போதும். 60 கோப்பைக்கு ஏழு லீற்றர்தான் போகும், ஆனால் குளிரில் பெரியவர்கள் இரண்டாவது கோப்பை கேட்பார்கள். 400 கிராம் பால்மாப் பக்கெட் ஒன்றில் 40 கோப்பை வரும். இரண்டு எடுத்தோம், ஒன்று பெரியவர்களின் பால் தேத்தண்ணிக்கு, மற்றது பிள்ளைகளுக்கு இளஞ்சூட்டில் பால். இஞ்சி போட்ட பிளேன்டீ தனி.

இரண்டு வயசுக் குழந்தையும் வரும், பதினாலு வயசுப் பிள்ளையும் வரும்னா என்ன விளையாட்டு வைக்கிறது?

எல்லாருக்கும் ஒரு விளையாட்டு என்று தேட வேண்டாம். பார்சல் கேள்வியில் எங்களுக்குக் கிடைத்த லயத்துக் கணக்கு: நாலு வயசுக்குக் கீழே 3 பேர், நாலு முதல் பத்து வரை 8 பேர், அதற்கு மேல் 3 பேர். சின்னவர்களுக்கு இஸ்தோப்பில் ஒரு பாய், கூட ஒரு பாட்டி. நடு வயசுக்காரர்களுக்கு வாசலில் தேசிக்காய்-கரண்டி, யானைக்குக் கண் வைத்தல். பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தோம்: ஒருத்தி நடுவர், ஒருவன் படம் எடுப்பவன், ஒருவன் பார்சல் கொடுப்பவன். பதின்மூன்று வயசுப் பிள்ளையை ஐந்து வயசுக்காரர்களோடு ஓடச் சொன்னால் அது மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் கடைசி வரை நிற்கும்.

சின்னவர்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் கண்டிப்பாக இருங்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் தொண்டையை அடைத்துவிடும். வெடித்தவுடன் பொறுக்க ஒரு ஆளை வையுங்கள், பார்சலுக்குள் பலூன் போடாதீர்கள். முழுக் கச்சானும் முழுக் கடலையும் கெட்டி டொபியும் நாலு வயசுக்குக் கீழே வேண்டாம், அந்த மூன்று பார்சலில் டொபிக்குப் பதில் இன்னொரு பிஸ்கட் வைத்தோம். திருவிழாவில் விற்கும் காஸ் பலூன் சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கும். கேக்கில் மெழுகுதிரி எரியும்போது அது கிட்ட இருக்கவே கூடாது.

ஏப்ரல்ல நுவரெலியாவுல ஹோட்டல்ல வைக்கலாமா?

ஏப்ரல் வசந்த காலத்தில் டவுன் முழுக்க வெளியூர்க்காரர்கள். அறையும் வாகனமும் விலை ஏறும், ரோட்டில் நெரிசல். இவ்வளவு விஷயம் தெரியாமல் இருக்கும்போது அந்த மாதத்தில் அங்கே முற்பணம் கட்டாதீர்கள். மற்ற மாதங்களில் கட்டுவதென்றால், ஆள் குறைந்தால் எத்தனை தட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சொல்லாத ஆட்கள் இருபது பேர் ஒரேயடியா வந்துட்டா?

உறையைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். பக்கத்துக் கடையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எப்போதும் கிடைக்கும், 3,000 ரூபாய்க்கு இருபது பேரைக் கவனிக்கலாம். குசினியில் இருக்கும் பட்டர் கேக் துண்டைக் குறுக்கே வெட்டுங்கள். வடையை முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுத்து, வைத்திருக்கும் மாவைச் சுடத் தொடங்குங்கள். தட்டைக் கூட்டத்தின் நடுவில் வைக்காமல் வீட்டு ஆள் ஒருவர் கையில் எடுத்துப்போய்க் கொடுத்தால் அளவு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வீட்டு ஆட்கள் கடைசியில் சாப்பிடுங்கள். பார்சல் போதாவிட்டால் வந்த பிள்ளையிடம் நேராகவே சொல்லி, நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். எங்களுக்கு இரண்டு பார்சல் குறைந்தது. திங்கட்கிழமை பின்னேரம் மகனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.